எம்ஓயுவிலிருந்து கூட்டு வேலைப்பட்டியல் எடுப்பது: ஏரித் தண்ணீர் ஒப்பந்தம் ஒன்றை வைத்து

கேள்வி: நாங்கள் ஏரிகளில் வேலை செய்யும் சின்னத் தொண்டு நிறுவனம். தண்ணீர்ப் பரிசோதனைக்காக ஒரு கல்லூரியோடு ஆறு பக்க எம்ஓயு, அதாவது புரிந்துணர்வு ஒப்பந்தம், போட்டிருக்கிறோம். அதிலிருந்து யார் என்ன செய்யணும், எப்போ செய்யணும், ரிவியூ எப்போ என்று இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் போடச் சொல்லிவிட்டார்கள். நான் சட்டம் படித்தவள் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு பக்கத்தில் இரு நிறுவனங்களின் பெருமையும் நோக்கமும்தான் இருக்கும். பட்டியலுக்கு அங்கே அநேகமாக ஒன்றும் தேறாது. கையெழுத்துப் பக்கத்தில்தான் கடிகாரம் ஓட ஆரம்பித்த நாள் இருக்கிறது.

உங்களுடையதைப் போலவே, ஒரு கல்லூரிக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் ஒன்றை நான் பட்டியலாக்கியிருக்கிறேன். அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். தேதிகளை மட்டும் மாற்றியிருக்கிறேன். அசல் ஆங்கிலத்தில் இருந்தது, வாசகங்களைத் தமிழில் தருகிறேன்.

கல்லூரி முதல்வர் 10-06-2024 அன்று கையெழுத்திட்டார். தொண்டு நிறுவனத்தின் செயலாளர் ஊரில் இல்லாததால் 24-06-2024 அன்றுதான் போட்டார். முதல் பக்கத்தில் தட்டச்சில் இருந்தது 10-06-2024. ஆனால் காலவரையறை ஷரத்து, "கடைசிக் கையெழுத்து இடப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்" என்கிறது. ஆகவே தொடக்கம் 24-06-2024. முதல் பக்கத்துத் தேதியை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் எல்லாத் தேதியும் இரண்டு வாரம் முன்னால் போயிருக்கும். முடிவு 23-06-2027ஆ 24-06-2027ஆ என்று வக்கீல்கள் வாதிடலாம். பட்டியல் போடுகிறவருக்கு அந்த வாதம் வேண்டாம். எந்தத் தேதி முந்தியதோ அதை எழுதுங்கள். ஒரு நாள் முன்னால் முடித்ததற்காக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

தேதியை எக்ஸெல் போன்ற விரிதாளில் ஏற்றும்போது ஒரு கண்ணி உண்டு. கணினியின் தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 10-06-2024 என்று அடித்தவுடன் அது சத்தமில்லாமல் அக்டோபர் 6 ஆகிவிடும். 24-06-2024 என்று அடித்தால் இருபத்து நாலாவது மாதம் கிடையாது என்பதால் அது தேதியாகவே மாறாமல் வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் நின்றால் வலப்பக்கம் இருப்பவற்றைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். `=DATE(2024,6,24)` என்று எழுதினால் இந்தத் தொல்லையே இல்லை.

சரி, இப்போது நடுப் பக்கங்களுக்கு வருவோம். தாளில் அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். தலைப்புகளை நம்ப வேண்டாம். "கல்லூரியின் பொறுப்புகள்" என்ற தலைப்புக்குக் கீழே தொண்டு நிறுவனத்தின் வேலை ஒளிந்திருக்கும். "பொது" என்ற தலைப்புக்குக் கீழே ஆண்டறிக்கை ஒளிந்திருக்கும். தேட வேண்டியது வினைச்சொல்லை. ஆங்கில ஒப்பந்தம் என்றால் "ஷல்", "வில்", "அக்ரீஸ் டு" வருகிற இடத்தையெல்லாம் வட்டமிடுங்கள். "எண்டெவர்" அல்லது "பெஸ்ட் எஃபர்ட்ஸ்" என்று வந்தால் அடிக்கோடு போடுங்கள். அது முயற்சி செய்வதாகச் சொன்னது, செய்து முடிப்பதாகச் சொன்னது இல்லை. "மே" என்று வந்தால் ஓரத்தில் ஒரு புள்ளி போதும். இந்த மூன்றையும் பட்டியலில் கட்டாயம், முயற்சி, விருப்பம் என்று தனிப் பத்தியில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து, "வாகனம் ஏற்பாடு செய்ய முயலும்" என்ற வரியைக் காட்டி "வாகனம் தரவில்லையே" என்று கேள்வி வரும்.

வட்டமிட்ட ஒவ்வொரு வினைக்கும் எழுவாய் யார் என்று பாருங்கள். என் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு ஷரத்து இருந்தது:

> "தொண்டு நிறுவனம் வழங்கும் மாதிரிகள் பெறப்பட்ட 15 வேலை நாட்களுக்குள் கல்லூரி பரிசோதனை முடிவுகளை வழங்கும்; இதற்கான குப்பிகளையும் வேதிப்பொருட்களையும் இரு தரப்பும் இணைந்து ஏற்பாடு செய்யும்; ஆண்டுதோறும் ஓர் அறிக்கை தயாரிக்கப்படும்."

ஒரே வாக்கியம்தான். ஆனால் பட்டியலில் இது ஒரு வரியாக நின்றால் பிரயோஜனம் இல்லை. ஒரு வரிக்கு ஒரு ஆள், ஒரு செயல், ஒரு தொடக்கப் புள்ளி என்று பிரித்தால் ஐந்து வரிகள் வருகின்றன. தொண்டு நிறுவனம் மாதிரி தருகிறது. கல்லூரி அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் வேண்டும். கல்லூரி முடிவு தருகிறது. குப்பியும் வேதிப்பொருளும் யாரோ வாங்க வேண்டும். அறிக்கையை யாரோ எழுத வேண்டும்.

முதல் வரியைப் பாருங்கள். "மாதிரி வழங்க வேண்டும்" என்று ஒப்பந்தம் எங்கேயும் கட்டளையாகச் சொல்லவில்லை. "வழங்கும் மாதிரிகள்" என்று பெயரெச்சமாக ஒதுங்கி நிற்கிறது. ஆனால் அது நடக்காவிட்டால் 15 நாள் கணக்கு தொடங்கவே தொடங்காது. இப்படிப் பெயரெச்சத்துக்குள் பதுங்கியிருக்கும் கடமைகளைத்தான் முதல் வாசிப்பில் எல்லாரும் தவறவிடுகிறார்கள். ஒருவர் செய்வது இன்னொருவர் செய்த பிறகுதான் தொடங்கும் என்றால் இரண்டையும் தனித்தனி வரியாகப் போட்டு, "எந்த வரிக்குப் பிறகு" என்று ஒரு பத்தியில் இணைத்துவிடுங்கள். முடிவு தாமதமானால் கோளாறு எந்தப் பக்கம் என்பது அந்த எண்ணைப் பார்த்தாலே தெரியும்.

"இரு தரப்பும் இணைந்து" என்பதும் "தயாரிக்கப்படும்" என்பதும்தான் உண்மையான தலைவலி. முன்பு வேறொரு ஒப்பந்தத்தில் "ஆண்டறிக்கை – இரு தரப்பும்" என்று நானே எழுதி வைத்திருந்தேன். வருடம் முடிந்து கூட்டத்தில் உட்கார்ந்தபோது அவர்கள் எங்களைப் பார்த்தார்கள், நாங்கள் அவர்களைப் பார்த்தோம். அறிக்கை இல்லை. அதிலிருந்து பொறுப்பாளர் கட்டத்தில் "இருவரும்" என்று எழுத யாரையும் விடுவதில்லை. கூட்டு வேலை என்றால் இரண்டு வரி: தொண்டு நிறுவனம் களத் தகவலைத் தொகுத்துத் தரும், கல்லூரி ஆய்வுப் பகுதியை எழுதும். இரண்டையும் சேர்த்துத் தைத்து அனுப்புவது மூன்றாவது வரி. அதற்கும் ஒரே ஒருவர்தான்.

ஆனால் அந்த ஒருவர் யார் என்று நீங்களாக முடிவு செய்து எழுதிவிடாதீர்கள். எல்லாரும் சறுக்குவது இங்கேதான். பட்டியல் போடுகிறவர் எந்தத் தரப்பில் இருக்கிறாரோ, இடைவெளி எல்லாம் எதிர்த் தரப்பின் தலையில் போய் விழும். வேண்டுமென்றே செய்வதுகூட இல்லை. அதனால் பட்டியலில் இரண்டு பத்திகளைத் தனித்தனியாக வையுங்கள். ஒன்றில் ஷரத்து எண்ணும் அதன் அசல் வாசகமும், ஒரு எழுத்து மாறாமல். மற்றொன்றில் "நாம் புரிந்துகொண்டது". வாசகத்தில் ஆளோ தேதியோ இல்லாவிட்டால் புரிந்துகொண்டது என்ற கட்டத்தில் பதில் எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள்: "அறிக்கையைத் தொகுப்பவர் யார்? எந்த மாதத்துக்குள்?" என்னுடைய ஆறு பக்கத்தில் முதல் சுற்றில் இருபத்து மூன்று வரி தேறியது. அதில் ஒன்பது வரியில் கேள்விக்குறி இருந்தது. உங்களுடையதில் கேள்விக்குறியே இல்லாமல் வந்தால், ஒப்பந்தம் அருமையாக எழுதப்பட்டிருக்கிறது அல்லது நீங்கள் ஊகித்து நிரப்பிவிட்டீர்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

தேதியே சொல்லாத கடமையைக் காலவரையற்றது என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 46, காலம் குறிப்பிடப்படாத இடத்தில் நியாயமான காலத்துக்குள் செய்ய வேண்டும் என்கிறது. உங்கள் எம்ஓயு சட்டப்படி கட்டுமா கட்டாதா என்பது வேறு கேள்வி. அது தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட உள்ளே என்ன ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, அதை வக்கீலிடம் கேளுங்கள். பட்டியலுக்குத் தேவையானது, நியாயமான காலம் என்றால் எத்தனை நாள் என்று இரு தரப்பும் ஒரு கூட்டத்தில் பேசிக் குறிப்பில் ஏற்றிக்கொள்வது. ஒப்பந்தம் சொல்லாததை இப்படி நிரப்பலாம். சொன்னதை மாற்றுவதென்றால் மட்டும் கூட்டக் குறிப்பு போதாது. "திருத்தங்கள் எழுத்தில், இரு தரப்புக் கையெழுத்துடன்" என்ற ஷரத்து உங்களுடையதிலும் இருக்கும், பாருங்கள்.

அப்புறம் அந்த "15 வேலை நாட்கள்". யாருடைய வேலை நாள்? மாதிரி 09-01-2026, வெள்ளிக்கிழமை, கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது என்று வையுங்கள். உங்கள் அலுவலகம் சனிக்கிழமையும் திறந்திருக்கிறது, பொங்கலுக்கு 15ஆம் தேதி ஒரு நாளும் குடியரசு தினமும்தான் லீவு. உங்கள் கணக்கில் கெடு ஜனவரி 29. கல்லூரித் துறைக்கு சனி ஞாயிறு விடுமுறை, பொங்கலுக்கு 15, 16, 17, பிறகு குடியரசு தினம். அவர்கள் கணக்கில் பிப்ரவரி 4. ஆறு நாள் வித்தியாசம், இரண்டு பேர் கணக்கும் சரி. 30ஆம் தேதி நீங்கள் கோபமாக ஒரு மெயில் போடுவீர்கள், அவர்களுக்கு அது ஏன் என்றே புரியாது. வேலையைச் செய்பவரின் நாட்காட்டியை எடுத்துக்கொள்வதுதான் எனக்குத் தெரிந்து சண்டையில்லாத வழி. எக்ஸெல்லோ கூகுள் ஷீட்டோ, சூத்திரம் ஒன்றுதான்:

```
=WORKDAY.INTL(DATE(2026,1,9),15,1,$H$2:$H$30)
```

மூன்றாவதாக வரும் 1, சனி ஞாயிறு இரண்டும் விடுமுறை என்று பொருள். ஞாயிறு மட்டும் என்றால் அங்கே 11. கடைசியில் இருப்பது விடுமுறைத் தேதிகள் எழுதிய பத்தி; கல்லூரி தன் விடுமுறைப் பட்டியலை ஒவ்வொரு ஆண்டும் அதில் நிரப்புவதையே ஒரு வரியாகப் பட்டியலில் போட்டுவிடுங்கள்.

"பெறப்பட்ட" என்ற சொல்லும் சும்மா இல்லை. ஆய்வகத்தில் வாட்ச்மேனிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தால் அது பெற்றதாகுமா? ஏரித் தண்ணீரில் பிஓடி, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு, பார்ப்பதாக இருந்தால் இது இன்னும் முக்கியம். மாதிரியைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்து, தாமதமில்லாமல் பரிசோதனையைத் தொடங்க வேண்டும். நம் நாட்டு நியமப்படி 27 டிகிரியில் 3 நாள் வைத்துப் பார்க்கிறார்கள். வெள்ளி மாலை பெட்டியைக் கொடுத்து அன்றைக்கே தொடங்கினால்தான் மூன்றாம் நாள் திங்கள். அன்று தொடங்காவிட்டால் சனி ஞாயிறு லீவு குறுக்கே வரும்; புதனன்று தொடங்கினால் மூன்றாம் நாளே சனிக்கிழமை. ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இருந்தாலும் பட்டியலில் இது ஒரு கேள்வியாக வர வேண்டும்: "எந்தக் கிழமைகளில், எத்தனை மணிக்குள், யார் கையில்?" எங்கள் கூட்டத்தில் திங்கள், செவ்வாய்க் கிழமைகளில் மட்டும், காலை 11 மணிக்குள், ஆய்வக உதவியாளர் கையெழுத்திடும் சீட்டோடு என்று முடிவானது. அந்தச் சீட்டின் தேதிதான் 15 நாளின் தொடக்கம். துறைக்காரர்களை உட்கார வைத்துப் பேசாமல் ஒப்பந்தத்தை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பொறுப்பாளர் கட்டத்தில் முதலில் பதவி, பிறகு இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் பெயர். கல்லூரிகளில் துறைத் தலைவர் மாறுவார், ஒருங்கிணைப்பாளர் வேறு வேலைக்குப் போவார். பெயரை மட்டும் எழுதினால் வேலையும் அவரோடு போய்விடும். பதவியை மட்டும் எழுதினால் போன் போட ஆள் இருக்காது.

இனி ரிவியூ. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்டிருக்கிறீர்கள். என் ஒப்பந்தத்தில் "ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூட்டுக் குழு ஆய்வு செய்யும்" என்று ஒரு ஷரத்து; வேறொரு பக்கத்தில், "புதுப்பிக்க விரும்பும் தரப்பு காலம் முடிவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்" என்று இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று தெரியாததுபோல இருந்தன. கணக்குப் போட்டால்தான் விஷயம் தெரிகிறது.

```
=EDATE(DATE(2024,6,24),6)
=EDATE(DATE(2024,6,24),12)
=DATE(2027,6,23)-90
```

ஒவ்வொரு ரிவியூவையும் முந்தைய ரிவியூவிலிருந்து கணக்கிடாமல், தொடக்கத் தேதியிலிருந்தே 6, 12, 18 என்று கணக்கிடுங்கள். தொடக்கம் 31ஆம் தேதியாக இருந்து பிப்ரவரி குறுக்கிட்டால் தேதி 28க்கு இறங்கி, அதற்குப் பின் வருவதெல்லாம் 28லேயே நின்றுவிடும்.

நம் கணக்கில் ரிவியூக்கள் 24-12-2024, 24-06-2025, 24-12-2025, 24-06-2026, 24-12-2026 என்று வருகின்றன. ஆறாவது 24-06-2027. ஒப்பந்தம் முந்தின நாளே முடிந்துவிட்டது! இல்லாத ஒப்பந்தத்துக்கு ரிவியூ. காகிதத்தில் ஆறு கூட்டம் போலத் தெரிந்தாலும் பயன்படுவது ஐந்துதான்.

அடுத்து 90 நாள். அது 25-03-2027, வியாழக்கிழமை. மறுநாள் புனித வெள்ளி, அப்புறம் சனி ஞாயிறு. அதைத் தாண்டினால் மார்ச் கடைசி, கணக்கு முடிக்கிற நாட்கள். "கடைசி நாளில் அனுப்பிக்கொள்ளலாம்" என்று விட்டால் கையெழுத்துப் போட வேண்டியவர் இருக்கையில் இருக்க மாட்டார். "90 நாள்" என்பதை "மூன்று மாதம்" என்று மனதில் மாற்றிக்கொள்ளவும் வேண்டாம். மூன்று மாதம் என்றால் 23-03-2027, இரண்டு நாள் முன்னால் போகிறது. இந்தத் தடவை தப்பு பாதுகாப்பான பக்கம் விழுந்தது. காலம் மே மாத நடுவில் முடிகிற ஒப்பந்தத்தில் பிப்ரவரி உள்ளே வரும், அப்போது தப்பு எதிர்ப்பக்கம் விழலாம்.

இதிலிருந்து வருவது என்னவென்றால், புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கிற கூட்டம் 24-12-2026 ரிவியூதான். அதற்குப் பிறகு கெடுவுக்குள் வேறு கூட்டமே கிடையாது. அதுவும் கிறிஸ்துமஸ் முந்தின நாள், கல்லூரியில் யார் வருவார்கள்? அதனால் அந்த வரியில் "24-12-2026க்குள்" என்ற கெடுவும், "டிசம்பர் இரண்டாம் வாரம்" என்ற கூட்ட நாளும், "புதுப்பித்தல் முடிவு" என்ற நிகழ்ச்சி நிரலும் சேர்ந்து இருக்க வேண்டும். கடிதம் அனுப்பும் வரிக்கு இரண்டு தேதி: ஒப்பந்தக் கெடு 25-03-2027, நாம் அனுப்பும் நாள் 01-02-2027. பட்டியலில் எல்லா வரிக்கும் இப்படி இரண்டு தேதிப் பத்தி தேவையில்லை. தவறினால் திரும்பப் பெற முடியாத இரண்டு மூன்று வரிகளுக்கு மட்டும் போதும்.

செய்யக் கூடாதவற்றுக்குப் பெரும்பாலும் தேதி கிடையாது, ஆகவே பட்டியலில் உட்காராது. "இரு தரப்பு ஒப்புதல் இன்றிப் பரிசோதனை முடிவுகளை வெளியிடக் கூடாது" என்பது அப்படி ஒன்று. இவற்றைத் தனித் தாளில் "எப்போதெல்லாம்" என்று எழுதுங்கள்: பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கும்போதெல்லாம், மற்றவர் சின்னத்தைப் பயன்படுத்தும்போதெல்லாம், யாரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் ஐந்து வரிக்கு மேல் வந்ததில்லை.

எல்லாம் ஆனதும் கோப்பை மெயிலில் அனுப்பி "பார்த்துச் சொல்லுங்கள்" என்று விட்டுவிடாதீர்கள். பதில் வராது, வராததைச் சம்மதம் என்று நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள். இரண்டு ஒருங்கிணைப்பாளர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் ஒப்பந்தத்தின் அச்சுப் பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் பட்டியலில் அந்த ஷரத்து எண்ணைத் தேட வேண்டும். எண் கிடைக்காத ஷரத்து விட்டுப்போனது. ஷரத்து எண் இல்லாத வரி யாரோ சொந்தமாகச் சேர்த்தது. அதற்குக் கூட்டக் குறிப்பின் தேதியாவது இருக்க வேண்டும். ஆறு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். இணைப்புகளையும் சேர்த்து வாசியுங்கள். எங்களுக்கு இரண்டாம் இணைப்பின் அடிக்குறிப்பில், கல்லூரி கடனாகக் கொடுத்த பிஎச் மீட்டரை ஒப்பந்தம் முடிந்த 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது.

அந்த மீட்டர் வரி இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. பட்டியல் 23-06-2027 அன்று முடியவில்லை. மீட்டருக்கு 08-07-2027. ரகசியக் காப்பு ஷரத்து முடிவுக்குப் பின் இரண்டு ஆண்டுகள் என்பதால் அதற்கு 23-06-2029. திட்டம் முடிந்து, ஒருங்கிணைப்பாளர்கள் இருவரும் வேறு வேலைக்குப் போயிருக்கக்கூடிய காலத்தில் வருகிற தேதி அது. அந்த வரிக்கு மட்டும் பொறுப்பாளராக எங்கள் பக்கம் செயலாளர் பதவியையும், அவர்கள் பக்கம் முதல்வர் அலுவலகத்தையும் எழுதினோம்.